'போல' எதுவரை? குவாண்டம் அறிமுகப் பேச்சுக்கான கேள்வித்தாள்

முதலாமாண்டு பி.எஸ்சி. மாணவர்களுக்கு. பேச்சு முடிந்து டீ குடித்துவிட்டு வந்து எழுதவும். நேரம் 40 நிமிடம். மதிப்பெண் கிடையாது, பெயரும் எழுத வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டு எழுதலாம். பார்த்து எழுதக் கூடாது.

இந்தப் பேச்சுக்கான என் குறிப்பை நேற்று ராத்திரி புரட்டினேன். 'போல', 'மாதிரி' இரண்டும் சேர்ந்து 19 இடத்தில் வருகின்றன. பத்தாவதில் படித்திருப்பீர்கள்: மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமைத்தொகை. முகமதி என்றால் முகமே மதி, உருவகம். இயற்பியலில் சங்கடம் என்னவென்றால், பேசுகிறவர் மதிமுகம் என்பார், கேட்கிறவர் முகமதி என்று எழுதிக்கொண்டு போவார். தேர்வில் அதுவே சூத்திரம் மாதிரி திரும்பி வரும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் 'உ' (உவமை) அல்லது 'கூ' (அளந்து சரிபார்க்கக்கூடிய கூற்று) என்று போடுங்கள். இரண்டும் கலந்திருந்தால் வெட்டிப் பிரியுங்கள். 'உ' போட்டால் அது எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்றும் ஒரு வரி எழுத வேண்டும்.

மாதிரிக்கு ஒன்றை நானே செய்துவிடுகிறேன்.

"நூறு கூழாங்கல் எறிந்தாலும் தேங்காய் விழாது, கனமான கல் ஒன்று போதும். ஒளிமின் விளைவும் அப்படித்தான்."

கல்லும் தேங்காயும் உ. கூ இதுதான்: f அதிர்வெண் கொண்ட ஒளி, உலோகத்துக்கு ஆற்றலை hf அளவுள்ள பொட்டலங்களாகவே கொடுக்கிறது. சோடியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்ப ஏறக்குறைய 2.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சிவப்பு ஃபோட்டானிடம் இருப்பது சுமார் 1.8. அதனால் சிவப்பு விளக்கை எத்தனை பிரகாசமாக்கினாலும் எலக்ட்ரான் வராது. அறும் இடம்: நூறு கூழாங்கல் பட்டால் காம்பு கொஞ்சமாவது தளரும். சோடியத்தில் அப்படிச் சேர்த்துவைக்கிற கணக்கு இல்லை. (மிகச் செறிவான லேசர் வேறு கதை. அதை இரண்டாமாண்டில் பார்ப்போம்.)

சரி, இனி உங்கள் பாடு.

1. "ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்கள் மகாமகக் குளத்துப் படிக்கட்டு போல. படியில் நிற்கலாம், இரண்டு படிக்கு நடுவில் நிற்க முடியாது." முதல் மூன்று மட்டங்கள் -13.6, -3.4, -1.51 எலக்ட்ரான் வோல்ட். இந்த அளவில் யாராவது குளத்துக்குப் படி கட்டினால் ஏறுகிறவர் என்ன சொல்வார்? படி இறங்கினால் தண்ணீர் கிட்டத்தில் வரும். ஆற்றல் மட்டம் இறங்குவது என்பது ஓர் இடத்துக்குப் போவதா? 'நடுவில் நிற்க முடியாது' என்பதை உவமையில் சேர்ப்பீர்களா, கூற்றிலா?

2. இதற்கு 15 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் நான் சொன்னது: "வாய்க்காலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மதகு திறந்திருக்கிறது. இரண்டிலிருந்தும் கிளம்பும் அலைகள் சந்திக்கும்போது சில இடத்தில் தண்ணீர் எழும்பும், சில இடத்தில் அசையாமல் கிடக்கும். இரண்டு பிளவு வழியே போகும் எலக்ட்ரானும் அப்படி." 1989-இல் டோனமுராவும் அவருடைய குழுவினரும் எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாக அனுப்பிய சோதனையின் படங்களையும் காட்டினேன். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய புள்ளிகள். போகப் போக வரி வரியாகத் தெளிந்த கோலம்.

கீழே ஐந்து வாக்கியம். இவற்றில் இரண்டு உவமையும் இல்லை, சரியான கூற்றும் இல்லை, வெறும் தப்பு. எவை என்று கண்டுபிடியுங்கள்.

அ) ஒவ்வொரு எலக்ட்ரானும் திரையில் ஒரே ஒரு புள்ளியாகப் பதிகிறது.
ஆ) எலக்ட்ரான்கள் வழியில் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதால்தான் வரிகள் வருகின்றன.
இ) எந்த இடத்தில் புள்ளி விழ வாய்ப்பு அதிகம் என்பதை அலைச்சார்பு அளவின் இருமடி தருகிறது.
ஈ) எலக்ட்ரான் இரண்டு மதகிலும் புகுந்து வரும் தண்ணீர் மாதிரி.
உ) எலக்ட்ரான் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகிறது, அதைத்தான் அலை என்கிறோம்.

அப்புறம் ஒரு கேள்வி. வாய்க்காலில் ஆடுவது தண்ணீர். எலக்ட்ரான் விஷயத்தில் ஆடுவது எது? 'தெரியவில்லை' என்று எழுதினால் ஏற்றுக்கொள்வேன். 'எலக்ட்ரான் ஆடுகிறது' என்று எழுதினால் கூப்பிட்டுப் பேசுவேன். நெளியும் பாம்புப் படத்தைக் கல்லூரி நாளில் நானும் வரைந்தவன்தான்.

3. "வரப்பைத் தாண்ட உயரம் போதாத தண்ணீர், நண்டு வளை வழியாக அடுத்த வயலுக்குப் போவது போல, ஆற்றல் போதாத துகள் தடையை ஊடுருவுகிறது." நம் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று பிடிக்கும் உவமை இது. அதனாலேயே ஆபத்தானதும் கூட. வரப்பில் வளை இருக்கிறது, தடையில் இருக்கிறதா? வயலில் கொஞ்சம் தண்ணீர் அந்தப் பக்கம், மிச்சம் இந்தப் பக்கம். ஓர் எலக்ட்ரானைத் தேடினால் பாதி பாதியாகக் கிடைக்குமா? வரப்பை இரண்டு மடங்கு அகலமாக்கினால் கசிவு ஏறக்குறைய பாதியாகலாம். தடையை அகலமாக்கினால் ஊடுருவும் வாய்ப்பு எப்படிக் குறையும்? (பேச்சில் வந்த ஒரு சொல்லை நினைவுபடுத்துங்கள்: அடுக்குக்குறி.) அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியேறுவதை 1928-இல் காமவ் விளக்கியது இதைக் கொண்டுதான். அவருக்கு நண்டு தேவைப்படவில்லை.

4. "எலக்ட்ரான் பம்பரம் போலச் சுற்றுகிறது." 1922-இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைக் காந்தப்புலத்தின் வழியே அனுப்பியபோது கற்றை இரண்டாகப் பிரிந்தது. பம்பரம் எந்தக் கோணத்திலும் சாயும். அப்படியானால் திரையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

5. "ஓடுகிற மினி பஸ்ஸை மொபைலில் படம் எடுத்தால் கலங்கித் தெரிவது போல, எலக்ட்ரானின் இடமும் உந்தமும் ஒன்றாகத் துல்லியமாகத் தெரியாது." இன்னும் நல்ல கேமரா வாங்கினால் பஸ் தெளிவாகிவிடும். நிச்சயமின்மைக் கோட்பாடு கேமராவைப் பற்றியதா? இரண்டு வரி போதும்.

6. "ஒரு ஜோடி செருப்பைப் பிரித்து, ஒன்றைக் கும்பகோணத்துக்கும் ஒன்றை மயிலாடுதுறைக்கும் டப்பாவில் அனுப்புகிறோம். கும்பகோணத்தில் இடது கால் இருந்தால் அங்கே வலது என்று உடனே தெரிந்துவிடும். குவாண்டம் பின்னலும் இதுதான்." கடைசி வாக்கியத்தை நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். டப்பா கிளம்பும்போதே செருப்பு இடதா வலதா என்பது முடிவாகிவிட்டது. துகள்களும் அப்படி முன்பே முடிவான பண்புகளோடு கிளம்பி, ஒன்றின் அளவீடு தொலைவிலிருக்கும் மற்றதைப் பாதிக்காமலும் இருந்தால், அளவீடுகளின் ஒத்துப்போக்குக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1964-இல் பெல் காட்டினார். சோதனையில் அந்த வரம்பு மீறப்பட்டது. அந்த வேலைக்காக ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவரும் 2022-இல் நோபல் பெற்றார்கள். செருப்பு உவமையில் எது மிஞ்சும், எதைத் தூக்கிப்போட வேண்டும்? பின்னலை வைத்து மயிலாடுதுறைக்கு 'பஸ் ஏறிவிட்டேன்' என்று செய்தி அனுப்ப முடியுமா?

7. ஷ்ரோடிங்கர் 1935-இல் பூனையைப் பெட்டியில் வைத்தது, 'பூனை உயிரோடும் செத்தும் இருக்கிறது' என்று அறிவிக்கவா, அப்படிச் சொல்ல நேர்வது எவ்வளவு அபத்தம் என்று காட்டவா? ஒரு வார்த்தை.

8. பஸ் ஸ்டாண்டில் கொடுக்கும் நோட்டீஸில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "பார்ப்பவர் பார்த்தால் எலக்ட்ரான் மாறுகிறது, நீங்கள் நினைத்தால் உங்கள் வாழ்க்கை மாறும். குவாண்டம் அதிர்வு வளையல், விலை ரூ. 499." இதில் கூ எங்கே முடிகிறது, உ எங்கே தொடங்குகிறது, வியாபாரம் எங்கே தொடங்குகிறது? மூன்று இடத்திலும் பேனாவால் கோடு போடுங்கள். சோதனைக்கூடத்தில் 'பார்ப்பது' என்றால் யார், எதைக் கொண்டு, என்ன செய்வது என்று கோட்டுக்குக் கீழே எழுதுங்கள்.

9. நேரம் இருந்தால்: உங்கள் வீட்டிலிருந்தோ வயலிலிருந்தோ புதிதாக ஓர் உவமை எழுதி, தாளைப் பக்கத்து ஆளிடம் கொடுங்கள். அது எங்கே அறுகிறது என்று அவர் எழுதட்டும். அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால் தாளை என்னிடம் கொண்டுவாருங்கள், நான் தேடிப் பார்க்கிறேன்.