புதிய தையல் மிஷினை முதல் நாளில் தயார் செய்தல்: கையேட்டின் சுருக்கம்

வாடிப்பட்டிப் பக்கம் உள்ள நம் மகளிர் குழுவுக்கு வந்திருக்கும் ஆறு மின்சாரத் தையல் மிஷின்களோடும் 72 பக்கக் கையேடு ஒன்று இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பட்டன் துளை, ஜிப், பூத்தையல், உதிரிபாகங்கள் பற்றியவை. மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரான தையல் ஒன்றைப் போட ஒன்பது பக்கங்களே போதும் என்பதால், அந்த ஒன்பதையும் படித்து, ஒரு மிஷினை நானே கோர்த்து ஓட்டிப் பார்த்து இதை எழுதியிருக்கிறேன். இதற்கு முன் மிஷினைத் தொட்டறியாத சகோதரிகளுக்காகவே எழுதியது. எழுதியுள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

வைக்கும் இடமும் மின்சாரமும்

ஆடாத மேசையின் மேல், ஊசிப்பக்கம் உங்கள் மார்புக்கு நேரே வரும்படி மிஷினை வையுங்கள். மிஷினின் வலப்பக்கத்தில் உள்ள சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, பெடல் வயரை முதலில் மிஷினிலும் அதன் பிறகு சுவர்ப் பிளக்கிலும் செருகுங்கள். ஊசி மாற்றும்போதும், நூல் கோர்க்கும்போதும், கீழ் நூல் சுற்றும் சிறு உருளையான பாபின் உட்காரும் கேஸை எடுக்கும்போதும் சுவிட்ச் அணைந்தே இருக்க வேண்டும். தைத்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால், பெடலிலிருந்து காலை எடுத்து உடனே சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கரண்ட் திரும்பி வரும் நேரத்தில் கால் தெரியாமல் பெடலில் பட்டாலும் ஊசி பாய்ந்துவிடும். இது கையேட்டில் இல்லை, நம் ஊருக்காக நான் சேர்த்தது.

கைச்சக்கரத்தை எப்போதும் உங்களை நோக்கியே சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் உள்ளே நூல் சிக்கும்.

ஊசி

கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசித் தண்டை உச்சிக்குக் கொண்டுவந்து, ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். ஊசியின் மேல்முனையைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் உருண்டும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருக்கும். தட்டைப் பக்கம் பின்னால், அதாவது உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். முட்டும் வரை மேலே தள்ளி ஸ்க்ரூவை இறுக்குங்கள். நமக்கு வந்துள்ள முதல் ஆர்டர் சுங்குடித் துணிக்கு ஓரம் அடிப்பது. அந்த மெல்லிய பருத்திக்கு 11 எண் ஊசியும், பிறகு பள்ளிச் சீருடைத் துணி வந்தால் 14 எண் ஊசியும் சரியாக இருக்கும்.

பாபின்

காலிப் பாபினை மிஷினின் மேலே வலப்புறம் உள்ள சிறு கம்பியில் மாட்டுமுன், நூல் நுனியை அதன் துளைக்குள் உள்ளிருந்து வெளியே வரும்படி விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பியை வலப்பக்கம் தள்ளி, கைச்சக்கரத்தை வெளியே இழுத்துவிட்டால், சுவிட்சைப் போட்டுப் பெடலை அழுத்தும்போது ஊசி அசையாமல் பாபின் மட்டும் சுற்றும். நாலைந்து சுற்று ஆனதும் நிறுத்தி, நீட்டியிருக்கும் நுனியை ஒட்ட வெட்டிவிட்டு, நிரம்பும் வரை சுற்றுங்கள். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, கம்பியை இடப்பக்கமும் கைச்சக்கரத்தை உள்ளேயும் தள்ள மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஊசி இறங்காது.

பாபினை அதன் கேஸுக்குள் போடும்போது, நூலை இழுத்தால் பாபின் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல வேண்டும். நூலைக் கேஸின் வெட்டுக்குள் விட்டு, பக்கத்துத் தகட்டின் அடியில் இழுத்து, ஒரு சாண் நீளத்தைத் தொங்க விடுங்கள். இப்போது நூலை மட்டும் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாக ஒரு உதறு உதறினால், அது கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். தொங்கவிட்டதுமே சரசரவென்று இறங்கினால் நூல் தகட்டுக்கு அடியில் போகவில்லை என்று பொருள். கேஸின் கொக்கியை விரலால் திறந்து பிடித்தபடி, மேலே நீட்டியிருக்கும் விரல் போன்ற பகுதி பள்ளத்தில் அமரும்படி உள்ளே தள்ளி, கொக்கியை விடுங்கள்.

மேல் நூல்

இந்தச் சுருக்கத்தில் மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தாலும் இதை நின்று படியுங்கள். நூல் கோர்க்கத் தொடங்குமுன் துணியை அழுத்தும் ஃபுட்டைப் பின்னால் உள்ள லிவரால் தூக்கிவிட வேண்டும். ஃபுட் மேலே இருந்தால்தான், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விரிந்திருந்து நூலை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஃபுட் கீழே இருக்கும்போது கோர்த்தால், நூல் தட்டுகளுக்கு இடையே நுழையாமல் மேலாகவே கிடக்கும், வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

நூல்கண்டிலிருந்து இடப்பக்கம் உள்ள வழிகாட்டிக் கொக்கி வழியாக எடுத்து, வலப்பக்கக் காடியில் கீழே இறக்கி, அடியில் திருப்பி, இடப்பக்கக் காடியில் மேலே ஏற்றி, உச்சியில் இருக்கும் நூல் இழுக்கும் லிவரின் துளையில் வலமிருந்து இடமாக மாட்டி, மறுபடி கீழே இறக்கி, ஊசிக்கு மேலுள்ள சிறு கொக்கியில் விட்டு, கடைசியாக ஊசிக் காதில் முன்னிருந்து பின்னாகக் கோர்க்க வேண்டும். லிவர் கீழே மறைந்திருந்தால் கைச்சக்கரத்தைச் சுற்றி அதை மேலே வரவழையுங்கள்.

போன வாரப் பயிற்சியில் ஒரு சகோதரிக்குத் துணியின் அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடு போலத் திரண்டது. அடியில் சிக்கியதால் கோளாறு அடியில்தான் என்று எண்ணி, பாபின் கேஸை நாலு முறை கழற்றி மாட்டினார். தையலைப் பிரித்துப் பிரித்துத் துணியே நைந்துபோயிற்று. அவர் மேல் தவறில்லை, பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அடியில் நூல் திரண்டால் முதலில் பார்க்க வேண்டியது மேல் நூலைத்தான். மேல் நூலை முழுவதும் எடுத்துவிட்டு, ஃபுட்டைத் தூக்கி மீண்டும் கோர்த்ததும் அவருடைய மிஷின் ஒழுங்காகத் தைத்தது.

முதல் தையல்

மேல் நூலின் நுனியை இடக்கையால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஊசி இறங்கி ஏறும்போது கீழ் நூல் வளையமாக மேலே வரும். அதை இழுத்தெடுத்து, இரண்டு நூல்களையும் ஃபுட்டின் அடியில் பின்பக்கமாக ஒரு சாண் நீளம் விடுங்கள். தையல் வகையை நேர்த்தையலிலும், நீளத்தை 2.5 இலும், டென்ஷனை 4 இலும் வையுங்கள்.

நல்ல துணியில் தொடங்க வேண்டாம். அதே வகைத் துண்டுத் துணியை இரண்டாக மடித்து வைத்து, ஃபுட்டை இறக்கி, சுவிட்சைப் போட்டு, முதல் சில தையல்களுக்கு நூல் நுனிகளைப் பிடித்தபடி பெடலை மெதுவாக அழுத்துங்கள். துணியை இழுக்காதீர்கள், கீழே உள்ள பற்களே அதை நகர்த்தும், உங்கள் கைகள் திசையைக் காட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும்.

தைத்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் மிஷின் தயார். கீழ் நூல் மேற்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் டென்ஷனைக் கொஞ்சம் குறையுங்கள். மேல் நூல் அடிப்பக்கம் தளர்ந்து தெரிந்தால், கோர்த்தது சரிதானா என்று பார்த்தபின் கொஞ்சம் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அரை எண் அளவுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஊசியை உச்சிக்குக் கொண்டுவந்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, உறையைப் போட்டு வையுங்கள். எண்ணெய் விடுவது 58 ஆம் பக்கத்திலும், கோணல் தையல் 31 ஆம் பக்கத்திலும் இருக்கின்றன. அவற்றை அடுத்த சனிக்கிழமை சேர்ந்து பார்ப்போம்.