வளைகாப்பும் முதல் சோறும்: குக்கர் அடங்குவதற்குள்

(அடுப்பில் சின்ன குக்கர். ஒரு கை அடுப்பை அணைக்கிறது.)

வணக்கம் கண்ணுகளா. உள்ளே வெந்திருப்பது ஒரு கைப்பிடி அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு பாசிப்பருப்பு, தண்ணீர் தாராளமாக. என் பேத்திக்கு இன்று முதல் சோறு. குக்கர் தானாக அடங்கட்டும், மூடியை இழுக்க வேண்டாம். அது அடங்குவதற்குள் வளைகாப்பைப் பற்றியும் சோறூட்டுவதைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் சேலம் அம்மாப்பேட்டை. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கேமரா பிடித்திருப்பது என் மாப்பிள்ளை, ஏற்காட்டுக்காரர். கை ஆடினால் அவரைத் திட்டுங்கள், என்னை அல்ல.

முதலில் வளைகாப்பு. கொங்குப் பக்கத்தில் இதையே கட்டுச்சோறு என்றும் சொல்வார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் பரிமாறி, மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். வளையல் அடுக்குவதும் வயிறு நிறையச் சோறு போடுவதும் ஒரே நாளில் நடக்கும். சீமந்தம் என்பது வேறு. அது மந்திரம் சொல்லி, கணவன் மனைவிக்கு வகிடு எடுக்கும் வைதீகச் சடங்கு. சில வீடுகளில் இரண்டையும் சேர்த்தே செய்வதால் பெயர்களும் கலந்துவிட்டன.

எந்த மாதத்தில் செய்வது? ஏழு அல்லது ஒன்பது, ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். என்னைக் கேட்டால் ஏழுதான். என் மகள் ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்பதாம் மாத வயிற்றோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழாம் மாதத்திலேயே, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பகலில் மெதுவாக இறக்கிக் கூட்டி வந்தோம். அப்படியும் பாதி வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. மாப்பிள்ளை கேமராவுக்குப் பின்னால் தலையாட்டுகிறார், பாருங்கள்.

(தாம்பாளம்: சிவப்பு, பச்சைக் கண்ணாடி வளையல்கள், சந்தனக் கிண்ணம், குங்குமம், பன்னீர்ச் செம்பு.)

முறை இதுதான். பெண்ணைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, பன்னீர் தெளித்து, அட்சதை போட்டு வாழ்த்தி, கைக்கு வளையல் போடுவது. சில வீடுகளில் முதல் காப்பு வேப்பங்குச்சியை வளைத்துச் செய்ததாக இருக்கும். அதன்மேல்தான் கண்ணாடி வளையல் ஏறும். ஒரு கையைவிட மறு கையில் ஒன்று கூடுதலாகப் போடுவார்கள். கடைசியில் ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்ந்தால் சிவந்துவிடும், அந்தத் தண்ணீர்.

வளையல் எதற்கு? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் கைச்சத்தம் கேட்கட்டும் என்பார்கள். ஆறு மாதம் கடந்த கருவுக்கு வெளிச்சத்தம் எட்டும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறு. தலைப்பிரசவத்துக்குப் போகிறவளுக்குள் ஒரு பயம் இருக்கும், வெளியே சொல்ல மாட்டாள். பெற்றுப் பிழைத்த பெண்கள் வரிசையாக வந்து அவள் கையைப் பிடிக்கிறார்கள் அல்லவா, அந்தப் பிடிதான் சடங்கு.

அந்தக் கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் கை வீங்கும். வழக்கமாக 2.4 அளவு போடுகிறவளுக்கு அன்றைக்கு 2.6 கூட இறுக்கமாக இருக்கலாம். என் மகளுக்குப் பழைய அளவையே வாங்கிவிட்டேன், என் தப்புதான். வந்த பெண்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டாக அழுத்தி ஏற்றினார்கள். ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறி, சந்தனத்தோடு ரத்தமும் சேர்ந்து வழிந்தது. "ஒன்றுமில்லை அத்தை" என்று மாமியாரிடம் சிரித்தாள், கண்ணில் தண்ணீர். ஆகவே முந்தின நாளே ஒரு வளையலைப் போட்டுப் பார்த்து அளவு வாங்குங்கள். கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் சுற்றி அதன்மேல் வளையலை நழுவவிட்டால் வலிக்காமல் ஏறும். வளையல்காரர்கள் செய்கிற வேலை இது. எல்லோரும் கடைசி வரை ஏற்ற வேண்டும் என்றும் இல்லை. தொட்டு வாழ்த்தினால் போதும்.

மனைக்கட்டை வேண்டாம், சாய்மானம் உள்ள நாற்காலி போடுங்கள். இடையில் எழுந்து பாத்ரூம் போக, தண்ணீர் குடிக்க வழி வையுங்கள். போட்டோகிராபர் "இன்னொரு தடவை சிரிங்க அக்கா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். கட்டுச்சோற்றில் முதலில் கெடுவது தேங்காய்ச் சோறு, மதிய வெயிலில் மண்டபத்து மூலையில் வைத்த சோற்றைப் பிள்ளைத்தாச்சிக்குக் கட்டிக் கொடுக்க வேண்டாம்.

யார் வளையல் போடலாம்? சுமங்கலிதான், பிள்ளை பெற்றவள்தான் என்பார்கள். அங்கன்வாடிகளில் அரசு சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. நான் எத்தனையோ முறை அதில் நின்றிருக்கிறேன். அங்கே எந்த மதம், என்ன சாதி, யாருக்குத் தாலி இருக்கிறது என்று பார்த்து யாரும் சந்தனம் பூசுவதில்லை. என் மகளுக்கு முதல் வளையல் போட்டது கணவரை இழந்த என் அம்மா. இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அப்புறம், பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணை அடுத்து அதே இடத்தில் உட்கார வைத்து வளையல் போடும் பழக்கம் இருக்கிறது. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் அத்தனை பேர் நடுவில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முன்பே தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

தாய் வீட்டுக்குக் கிளம்பும்போது கூடையோடு இன்னொன்றும் வர வேண்டும்: தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். புடவைக்கு அடியில் மடித்து வைத்து மறந்துவிடாதீர்கள்.

சரி, குக்கர் அடங்கிவிட்டது. மாப்பிள்ளை, கிட்ட வாங்க.

(மூடி திறக்கிறது. ஆவி. கரண்டியின் பின்புறத்தால் சோறு மசிக்கப்படுகிறது.)

முதல் சோறு. கோயில் மொழியில் அன்னப்பிராசனம். ஆண் பிள்ளைக்கு இரட்டைப்படை மாதம், பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதம் என்று ஒரு கணக்கு. டாக்டர் கணக்கு ஒன்றுதான்: ஆறு மாதம் முடிய வேண்டும், அதுவரை தாய்ப்பால் மட்டும். இரண்டும் சண்டை போடுகிற மாதிரித் தெரியும். சண்டையே இல்லை. ஆறு முடிந்த மறுநாள் ஏழு நடக்கிறது, பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை வந்துவிட்டது. பையனுக்கு ஆறு நிறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதமே ஊட்டச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். எட்டாம் மாதம் நல்ல முகூர்த்தம் என்று தள்ளவும் கூடாது. ஆறுக்கு மேல் பிள்ளைக்கு வேண்டிய இரும்புச்சத்து தாய்ப்பாலில் மட்டும் கிடைக்காது. வீட்டில் ஊட்ட ஆரம்பித்துவிட்டு, குலதெய்வம் கோயிலுக்கு வசதியான நாளில் போகலாம். கோட்டை மாரியம்மன் கோயிலில்தான் என்று வேண்டுதல் இருந்தால் ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில் மட்டும் வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுத்தான்.

பதம் பாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடக்கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். ஒரு சொட்டு நெய். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, ஒரு வயது வரை. தேன் கூடவே கூடாது. நாக்கில் ஒரு சொட்டு தடவினால் என்ன என்று பாட்டிகள் கேட்பார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பையே தளர வைத்துவிடும். கோயில் பொங்கலை உதட்டில் தொட்டு வைத்தால் போதும், ஊட்ட வேண்டாம்.

ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்துக்காரியாக இருந்துகொண்டு இதைச் சொல்ல நா கூசுகிறது: ஜவ்வரிசிக் கஞ்சியில் முதல் சோற்றைத் தொடங்காதீர்கள். வெறும் மாவுச்சத்துதான் அது, பிள்ளைக்கு வேண்டியது இதில் இருக்கிற பருப்பு.

(வெள்ளிக் கிண்ணம், சின்னக் கரண்டி.)

கிண்ணம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது. வேலைப்பாடு உள்ள கரண்டியில் இடுக்கில் பாலீஷ் தங்கும், சுத்தம் செய்ய முடியாது. வழவழப்பானதாகப் பார்த்து வாங்கி, கொதிநீரில் கழுவுங்கள். கொலுசு போட்டு உட்கார வைப்பீர்கள், அதன் முத்துகளை இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.

பிள்ளை தாய்மாமன் மடியில். கழுத்து நின்று, பிடித்தால் உட்காருகிறாளா பாருங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது. ஊட்டுவது மூன்று பேர் போதும், மோதிரத்தைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு. மற்றவர்கள் காலைத் தொட்டு வாழ்த்தட்டும். அட்சதையைத் தலைக்கு மேல் தூவாதீர்கள், திறந்த வாய்க்குள் பச்சரிசி விழும்.

அரைக் கரண்டி. முதல் நாள் இரண்டு மூன்று வாய், அவ்வளவுதான். துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. இதுவரை பால் உறிஞ்சிய நாக்கு, வந்ததை வெளியே தள்ளும். நாளைக்கு மறுபடி. நான்கு நாள் இதே சோறு, அப்புறம் ஒரு புதுப் பொருள், ஒவ்வொன்றாக. தாய்ப்பால் வழக்கம்போல் தொடரட்டும்.

டேய், அவள் தலையைப் பிடிக்காதே, முதுகைப் பிடி. ஆ... கண்ணு, ஆ...

(பாப்பா வாயைத் திறக்கிறாள். ஒரு கணம் யோசிக்கிறாள். சோறு மாமன் சட்டைமேல்.)

மாப்பிள்ளை, கேமராவில் வந்ததா அது? சிரிக்காமல் சொல்லுங்க.