அறக்கட்டளையின் கொள்முதல் விதிகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் நமது அறக்கட்டளை நடத்தும் மாணவர் இல்லத்துக்கும் மாலை நேர இலவச மருத்துவமனைக்கும் வாங்கும் பொருள், கொடுக்கும் வேலை அனைத்துக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

விலைப்புள்ளி

5,000 ரூபாய் வரை கடை பில் போதும். அதற்கு மேல் 25,000 வரை இரண்டு கடைகளில் விலை கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். 25,000-க்கு மேல் 2 லட்சம் வரை மூன்று எழுத்துப்பூர்வ விலைப்புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. 2 லட்சத்தைத் தாண்டினால் மூடிய உறையில் வாங்கி, இரண்டு அறங்காவலர்கள் முன்னிலையில் பிரிக்க வேண்டும். ஜிஎஸ்டி, வண்டி வாடகை, பொருத்தும் கூலி எல்லாம் தொகையில் அடங்கும்.

குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மலிவாக வந்த அரிசியைப் பிள்ளைகள் சாப்பிட முடியாமல் ஒதுக்கினால் அது மிச்சமில்லை. கூடுதல் விலையைத் தேர்ந்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரே தேவையை வரம்புக்குள் அடக்க இரண்டு மூன்று பில்லாகப் பிரிக்கக் கூடாது. அன்றாடக் காய்கறிக்கு விலைப்புள்ளி வேண்டாம்; உழவர் சந்தை விலைப்பலகையே அளவு.

ஒப்புதல்

5,000 வரை விடுதிக் காப்பாளர், 25,000 வரை மேலாளர், 2 லட்சம் வரை செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து, அதற்கு மேல் அறங்காவலர் குழுத் தீர்மானம். 5,000-க்கு மேல் ஒப்புதல் கொடுத்தவரே பொருளைச் சரிபார்த்து வாங்கக் கூடாது.

நள்ளிரவில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்தால் காத்திருக்க முடியாது. செயலாளரிடம் போனில் கேட்டு 30,000 வரை செலவழிக்கலாம். மூன்று நாளில் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது. மீறினால் வருமான வரிக் கணக்கில் அது அறச்செலவாக ஏறாது.

சொந்த நலன்

அறங்காவலர், ஊழியர், அவர்களின் கணவர் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், சம்பந்தி வீட்டார் ஆகியோரில் எவருக்காவது ஒரு கடையில் பங்கிருந்தால், விலை கேட்கும் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். கணிசமான பங்கு என்பதற்கு வருமான வரிச் சட்டம் 20 சதவீதத்தை அளவாக வைக்கிறது. நமக்கு ஒரு சதவீதமும் பங்குதான்.

தெரிவித்தவர் அந்தப் பேச்சு நடக்கும்போது அறையில் இருக்கக் கூடாது, வாக்கும் இல்லை. அந்தக் கடைக்குக் கொடுப்பதானால், தொகை எவ்வளவு சிறிதானாலும், வெளியாரிடம் இரண்டு விலைப்புள்ளி வாங்கி, அவற்றைவிட விலை கூடாமலிருந்தால் மட்டுமே குழு அனுமதிக்கும். சந்தை விலைக்கு மேல் அறங்காவலரின் உறவுக்குப் பணம் போனால் அந்தத் தொகைக்கு வரிவிலக்குப் பறிபோகலாம். ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம் என்பது உண்மைதான். அதனால்தான் தடுப்பதைவிடத் தெரிவிப்பதையே இவ்விதி முதலில் கேட்கிறது. மறைத்தது தெரிந்தால் ஆர்டர் ரத்தாகும்; ஊழியரானால் விசாரணை, அறங்காவலரானால் குழு முன் விளக்கம்.

கமிஷன், பரிசுக்கூப்பன் எதையும் யாரும் வாங்கக் கூடாது. தீபாவளி இனிப்பு வந்தால் விடுதிப் பிள்ளைகளுக்கு. விலைப்புள்ளி பரிசீலனையில் இருக்கும்போது அந்தக் கடைக்காரர் தரும் நன்கொடையையும் ஏற்கக் கூடாது.

பில், விலைப்புள்ளி, ஒப்புதல் தாள் மூன்றும் ஒரே கோப்பில் எட்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். இவ்விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும்.