நாற்காலி, சுவர், பாய்: இருபது நிமிஷ வீட்டுப் பயிற்சி (வீடியோவில் பேசுவதற்கான முழு உரை)

0:00 தொடக்கம்
(நின்றபடி, கேமராவைப் பார்த்து)

வணக்கம். இன்னைக்கு நமக்கு வேண்டியது மூணே மூணு: சக்கரம் இல்லாத உறுதியான நாற்காலி ஒண்ணு, வெறும் சுவர், ஒரு பாய். நாற்காலியோட முதுகைச் சுவரோட ஒட்டிப் போட்டுக்கோங்க. அப்போ உட்காரும்போது பின்னாடி நகராது. வழவழப்பான தரைன்னா சாக்ஸைக் கழட்டிடலாம். வெறுங்காலோ ஷூவோ, ரெண்டுமே சரிதான். பக்கத்துல தண்ணி இருக்கட்டும்.

பாதியில நிறுத்தணும்னு தோணினா நிறுத்தலாம். நான் எண்ணிட்டே இருப்பேன், நீங்க எந்த எண்ணிக்கையில வந்து சேர்ந்தாலும் சரி. நெஞ்சுல வலி, தலைசுத்தல், வழக்கத்துக்கு மாறா மூச்சுத் திணறல் வந்தா மட்டும் அன்னைக்கு அதோட விட்டுட்டு டாக்டரைப் பார்த்துடுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, ரத்த அழுத்தம் கட்டுக்குள்ள இல்லாதவங்க, தொடங்கும் முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லது.

1:00 உடம்பைச் சூடாக்குதல்

நின்ன இடத்துலயே நடக்கலாம். கை தானா வீசட்டும். முட்டி எவ்வளவு உயருதோ அவ்வளவு போதும்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு… மூச்சு வந்து போய்க்கிட்டே இருக்கட்டும்… அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு.

இதே வேகத்துல ஒரு நிமிஷம். பேசிட்டே நடக்க முடியுதான்னு பாருங்க. முழுசா ஒரு வாக்கியம் பேச முடிஞ்சா வேகம் சரி. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்குச்சுன்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

(ஒரு நிமிடம் நடை)

அப்படியே நின்னு, தோள்பட்டையைப் பின்னாடி சுத்தலாம். மேல… பின்னாடி… கீழே. ஒண்ணு. மேல… பின்னாடி… கீழே. ரெண்டு. இன்னும் நாலு, உங்க வேகத்துல. தோள் காதை விட்டு இறங்கி வர்றது தெரியும்.

இடுப்புல கை வச்சு, வட்டமா அஞ்சு தடவை இந்தப் பக்கம், அஞ்சு தடவை அந்தப் பக்கம்.

3:30 நாற்காலி ஸ்குவாட், முதல் செட்
(பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டவும்)

இன்னைக்கு அதிக நேரம் கொடுக்கப் போறது இதுக்குத்தான். உட்கார்ந்து எழுந்திரிக்கிற இந்த ஒண்ணு பலமானா, படி ஏறுறது, தரையிலிருந்து எழுந்திரிக்கிறது எல்லாமே லேசாகும்.

நாற்காலிக்கு முன்னாடி, பின்காலு கிட்டத்தட்ட தொடுற மாதிரி நிக்கலாம். பாதம் தோள் அகலம், விரல் நுனி கொஞ்சம் வெளிப்பக்கம். ரெண்டு கையும் முன்னாடி நீட்டினா பேலன்ஸ் கிடைக்கும்.

முதல்ல இடுப்பு பின்னாடி போகுது, அப்புறம்தான் முட்டி மடங்குது. முட்டி முதல்ல மடங்கினா எடை பாதத்தோட முன்பக்கம் ஏறி, குதிகால் தூக்கிக்கும். குதிகால் தரையில இருக்குதான்னு மட்டும் கவனிச்சாலே பாதி சரியாயிடும்.

கீழே போகும்போது மூச்சு உள்ளே, மூணு எண்ணிக்கை. மேலே வரும்போது வாய் வழியா வெளியே. எட்டு தடவை பண்ணலாம்.

உள்ளே… ரெண்டு… மூணு… தொட்டாச்சு… ஊதிட்டே மேல. ஒண்ணு.
உள்ளே… ரெண்டு… மூணு… தொட்டு… மேல. ரெண்டு.
முட்டி ரெண்டும் உள்பக்கமா சாயுதான்னு ஒரு பார்வை. பாதத்தோட ரெண்டாவது விரலைப் பார்த்த மாதிரி போனா போதும்.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. மூணு.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. நாலு. பாதி வந்துட்டோம்.
கடைசியில 'தொப்'னு விழுதுன்னா, நாற்காலி மேல ஒரு தலகாணி போட்டுக்கலாம். உயரம் கூடினா கட்டுப்பாடு திரும்ப வந்துடும்.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. அஞ்சு.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. ஆறு. தொடை சூடாகுதா? தசை வேலை செய்யுதுன்னு அர்த்தம்.
இன்னும் ரெண்டே. உள்ளே… ரெண்டு… மூணு… ஊதிட்டே மேல.
கடைசி. உள்ளே… ரெண்டு… மூணு… மேல. எட்டு. அருமை.

அஞ்சு பண்ணிட்டு நின்னவங்களுக்கும் இது முழு செட்தான். கையைத் தளர விட்டு முப்பது விநாடி நடங்க. மூக்கு வழியா இழுத்து, வாய் வழியா மெதுவா விடுங்க.

5:30 நாற்காலி ஸ்குவாட், இரண்டாவது செட்

இந்தத் தடவை ரெண்டு வழி இருக்கு, உங்களுக்கு எது ஒத்துவருதோ அது. ஒண்ணு, முன்ன மாதிரியே. இன்னொண்ணு, முழுசா உட்காராம நாற்காலியை லேசா தொட்டதும் எழுந்திரிக்கிறது. முட்டி வலி இருக்கிறவங்க தலகாணியை வச்சே பண்ணலாம், இல்லைன்னா கையால தொடையைத் தாங்கிக்கிட்டு எழுந்திரிக்கலாம்.

இந்த செட்டை மேலிருந்து கீழே எண்ணலாம், மிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சா மனசு லேசாகும்.

உள்ளே… ரெண்டு… மூணு… மேல. மிச்சம் ஏழு.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. ஆறு.
மேல வரும்போது 'ஹூ'ன்னு சத்தம் வந்தாலும் வரட்டும். மூச்சை அடக்கினா ரத்த அழுத்தம் சட்டுனு ஏறும், அதனாலதான் ஊதச் சொல்லிக்கிட்டே இருக்கேன்.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. அஞ்சு.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. நாலு.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. மூணு. நிதானம் நல்லா இருக்கு.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. ரெண்டு.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. ஒண்ணே ஒண்ணு.
உள்ளே… ரெண்டு… மூணு… மேல. முடிஞ்சுது. தண்ணி குடிச்சுக்கலாம்.

8:00 சுவர் புஷ்அப், எட்டு தடவை, இரண்டு செட்

சுவரைப் பார்த்து, கை நீட்டினா உள்ளங்கை பதியுற தூரத்துல நிக்கலாம். அங்கிருந்து பாதம் ஒரு அடி பின்னாடி. கை தோள் உயரத்துல, தோளை விடக் கொஞ்சம் அகலமா.

இங்க ரெண்டு இடத்துல பிசகும். ஒண்ணு, முழங்கை நேரா பக்கவாட்டுல விரிஞ்சுடும், அப்போ பாரம் தோள்பட்டை மூட்டுல ஏறும். முழங்கை கீழ்ப்பக்கமா சாய்ஞ்சு, உடம்புக்கு நாப்பத்தஞ்சு டிகிரியில இருந்தா பாரம் நெஞ்சுக்கும் கைக்கும் போகும். இன்னொண்ணு, வயிறு முன்னாடி தொங்கி நடுமுதுகு வளையும். பின்பக்கத் தசையை லேசா இறுக்கினா தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடா வரும்.

சுவர்கிட்ட போகும்போது மூச்சு உள்ளே, தள்ளும்போது வெளியே.

உள்ளே… ரெண்டு… மூணு… தள்ளிட்டே வெளியே. ஒண்ணு.
உள்ளே… ரெண்டு… மூணு… வெளியே. ரெண்டு.
உள்ளே… ரெண்டு… மூணு… வெளியே. மூணு. முகத்துல இறுக்கம் இருந்தா தளர விடலாம், தாடையும்தான்.
உள்ளே… ரெண்டு… மூணு… வெளியே. நாலு.
ரொம்ப லேசா இருந்தா பாதத்தை இன்னும் ஒரு கையளவு பின்னாடி. கஷ்டமா இருந்தா கொஞ்சம் முன்னாடி. ரெண்டுமே சரியான தேர்வு.
உள்ளே… ரெண்டு… மூணு… வெளியே. அஞ்சு.
ஆறு, அதே மாதிரி… ஏழு… கடைசி, நிதானமா… எட்டு. கையை உதறிக்கலாம்.

(முப்பது விநாடி ஓய்வு. இரண்டாவது செட்டில் ஒவ்வொரு தடவைக்கும் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, நடுவில் பேச்சைக் குறைக்கவும்.)

11:00 பிரிட்ஜ், பத்து தடவை
(பாயில் மல்லாந்து படுத்து)

முட்டி மடக்கி, பாதம் இடுப்பு அகலத்துல. கையை உடம்போட பக்கத்துல நீட்டிப் பாருங்க, விரல் நுனி குதிகால்கிட்ட வரணும். பாதம் அதைவிடத் தள்ளி இருந்தா பின்தொடை அதிகமா இழுத்து, பிடிச்சுக்கும். அப்படிப் பிடிச்சா இறங்கி, காலை நீட்டித் தளர்த்திட்டு, குதிகாலைக் கொஞ்சம் பக்கத்துல கொண்டு வாங்க.

குதிகாலால தரையை அழுத்தி, மூச்சை விட்டுக்கிட்டே இடுப்பை உயர்த்தலாம். தோள்லேருந்து முட்டி வரை நேரானா அதுதான் உச்சி. அதுக்கு மேல தூக்கினா உழைப்பு கீழ்முதுகுக்குப் போயிடும்.

வெளியே… மேல… நில்லுங்க, ரெண்டு… உள்ளே… இறங்கலாம். ஒண்ணு.
வெளியே… மேல… ரெண்டு… உள்ளே… கீழே. ரெண்டு.
வெளியே… மேல… ரெண்டு… கீழே. மூணு.
நாலு… மூச்சு இருக்குல்ல?… அஞ்சு, இங்க நிறுத்திக்கிறவங்க முட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓய்வெடுக்கலாம்.
ஆறு… ஏழு… எட்டு… ரெண்டே மிச்சம்… ஒன்பது… பத்து. மெல்ல இறங்கி, கண் மூடி மூணு மூச்சு.

13:30 எதிர்க்கை எதிர்க்கால் நீட்டல்

பக்கவாட்டுல புரண்டு, கையும் முட்டியும் ஊன்றி வரலாம். தோளுக்குக் கீழே கை, இடுப்புக்குக் கீழே முட்டி. மணிக்கட்டு வலிச்சா முஷ்டி மடக்கியோ முழங்கையிலயோ ஊன்றிக்கலாம். முட்டிக்குக் கீழே துணி மடிச்சு வச்சுக்கலாம்.

வலது கால் விரல் தரையைத் தேய்ச்சுக்கிட்டே பின்னாடி நீளட்டும். அது நிலையானா கொஞ்சம் தூக்கி, இடது கையை முன்னாடி. கால் இடுப்பு உயரம் போதும், அதுக்கு மேல போனா இடுப்பு ஒரு பக்கம் திரும்பிடும். பார்வை தரையில.

ஊதிட்டே நீட்டி… மூச்சு சாதாரணமா… மூணு… ரெண்டு… ஒண்ணு… திரும்பலாம். பக்கம் மாத்தி… மூணு… ரெண்டு… ஒண்ணு.

ஒரு பக்கத்துக்கு அஞ்சு. தடுமாறினா கவலையே வேண்டாம், தடுமாறும்போது திரும்ப நிலைக்கு வர்ற முயற்சியிலதான் வயிறும் முதுகும் கத்துக்குது. காலை மட்டும் நீட்டினாலும் போதும்.

ரெண்டு… மூச்சு விட்டாச்சா… மூணு… நாலு… கடைசி ஒண்ணு, அவசரம் இல்லை… அஞ்சு.

16:30 தளர்த்தல்

எழுந்திரிக்கும்போது ஒரு கால் முன்னாடி ஊன்றி, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா. சட்டுனு எழுந்தா தலை கிறுகிறுக்கலாம்.

சுவர்ல கை வச்சு, வலது காலைப் பின்னாடி நீட்டி, குதிகாலைத் தரையில அழுத்தலாம். கெண்டைக்கால் இழுபடும். இழுப்பு தெரியுற இடம் போதும், வலிக்கிற இடம் வரை போக வேண்டாம். முப்பது விநாடி. இடது காலுக்கும் அதே மாதிரி.

நாற்காலி விளிம்புல உட்கார்ந்து, ஒரு காலை நேரா நீட்டி, முதுகு வளையாம இடுப்புலேருந்து முன்னாடி சாய்ஞ்சா பின்தொடை நீளும். பக்கத்துக்கு முப்பது விநாடி.

அப்படியே சாய்ஞ்சு உட்காருங்க. மூக்கு வழியா நாலு எண்ணி உள்ளே… ரெண்டு… மூணு… நாலு. ஆறு எண்ணி வெளியே… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு… ஆறு. இன்னும் மூணு தடவை, சத்தமில்லாம, உங்க எண்ணிக்கையில.

(பேச்சு இல்லை, முப்பது விநாடி)

19:15

நாளைக்கோ மறுநாளோ தொடை கொஞ்சம் வலிக்கலாம், புதுசா பண்றவங்களுக்கு வழக்கம்தான், ரெண்டு மூணு நாள்ல போயிடும். மூட்டுக்குள்ள குத்துற மாதிரி வலி வந்தா அது வேற, காட்டிக்கோங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்ணினா தசைக்கு ஓய்வும் கிடைக்கும். எட்டும் லேசா இருக்குன்னு ரெண்டு தடவை தொடர்ந்து தோணினா பத்தாக்கிப் பார்க்கலாம், இல்லைன்னா எட்டுலயே இருக்கலாம். இன்னைக்கு கூட இருந்ததுக்கு நன்றி.