பதில்: அச்சகம் திருப்பி அனுப்பிய கோப்பு – முதுகு அளவு, எழுத்து, படங்கள்

மாலதி அக்கா, வணக்கம்.

அச்சகம் உங்கள் புத்தகக் கோப்பைத் திருப்பி அனுப்பியது பற்றி நீங்கள் எழுதியதற்கு ஒன்பது நாள் தாமதமாகப் பதில் எழுதுகிறேன், மன்னியுங்கள். வெள்ளிக்கிழமைக் கெடுவுக்கு நாள் குறைவாக இருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தகத்தை மறுபடி வடிவமைக்க வேண்டியதில்லை. திருத்த வேண்டியவை மூன்று: இரண்டு பத்தி ஸ்டைல், அட்டையின் முதுகு அளவு, மூன்று படங்கள். எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்; எழுத்தைச் சரிசெய்யும்போது பக்க எண்ணிக்கை மாறக்கூடும், முதுகு அளவு அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வரும்.

1. எழுத்து

அச்சகம் "எழுத்துரு கோளாறு" என்று எழுதியிருக்கிறது. எழுத்துருவில் கோளாறு இல்லை, அதை மாற்றாதீர்கள். அடிக்குறிப்புகளிலும் பொருளடக்கத்திலும் மட்டும்தான் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கொ'வும் 'கை'யும் உடைந்திருக்கின்றன. நடுப் பகுதி முழுக்கச் சரியாக இருக்கிறது. அந்த இரண்டு ஸ்டைல்களும் இன்டிசைனின் வழக்கமான கம்போஸரிலேயே நின்றுவிட்டன என்பதுதான் காரணம். அது கொம்பை இடம் மாற்றி வைக்காது, தட்டச்சான வரிசையிலேயே போட்டுவிடும்.

Paragraph Styles பலகையில் அடிக்குறிப்பு ஸ்டைலை இருமுறை சொடுக்கி, Justification பகுதிக்குப் போய், Composer என்ற இடத்தில் Adobe World-Ready Paragraph Composer என்று மாற்றுங்கள். பொருளடக்க ஸ்டைலுக்கும் அதையே செய்யுங்கள். பக்கத் தலைப்பு ஸ்டைலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் இப்போதுள்ள சொற்களில் கொம்பே இல்லாததால் பிழை இருந்தாலும் கண்ணில் படாது.

பத்தி பத்தியாகத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டாம். ஸ்டைலுக்குள் மாற்றாவிட்டால் அடுத்த அடிக்குறிப்பு பழையபடிதான் வரும்.

கம்போஸர் மாறியதும் அடிக்குறிப்பின் வரி முறிவுகள் நகரும். பக்கத்தைப் புரட்டி, எங்காவது பெட்டியின் கீழ் மூலையில் சிவப்புக் கூட்டல்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே எழுத்து பெட்டிக்கு வெளியே மறைந்திருக்கிறது. அதன்பிறகு பொருளடக்கத்தில் கர்சரை வைத்து Layout > Update Table of Contents கொடுங்கள்.

உடைந்த எழுத்தைப் பிடிஎஃப்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 'கொ' என்று தேடினால் சரியாகத் தெரியும் இடமும் உடைந்த இடமும் ஒன்றுபோலவே வரும், சில நேரம் இரண்டுமே வராது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

2. பக்கமும் முதுகும்

இப்போது 218 பக்கம். அச்சகம் 16 பக்க ஃபாரமாக ஓட்டுவதால் 14 ஃபாரம், அதாவது 224 பக்கம். மீதி 6 பக்கத்தை நீங்களே தீர்மானித்து வையுங்கள். விட்டுவிட்டால் ஆறும் வெறுமையாகக் கடைசியில் போய்ச் சேரும். முன்னால் சேர்ப்பதாக இருந்தால் இரண்டு, நான்கு என்று இரட்டைப்படையில் சேருங்கள். ஒரே ஒரு பக்கம் சேர்த்தாலும் வலப்பக்கத்தில் தொடங்கும் இயல்களெல்லாம் இடப்பக்கத்துக்குப் போய்விடும்.

முதுகு 8 மி.மீ. என்று வைத்திருக்கிறீர்கள். 160 பக்கமாக இருந்தபோது போட்ட கணக்கு அது, அப்படியே தங்கிவிட்டது. இப்போது:

224 பக்கம் = 112 தாள்
112 × 0.1 மி.மீ. = 11.2 மி.மீ.
அட்டையின் இரு பக்கக் கனம் 0.3 + 0.3 = 0.6 மி.மீ.
முதுகு = 11.8 மி.மீ.

0.1 என்பது பொதுவாக 80 ஜிஎஸ்எம் தாளுக்கு எடுக்கும் கனம். அச்சகம் போடப்போகும் தாள் கொஞ்சம் பருமனாக இருந்தால், தாளுக்கு 0.02 கூடினாலும் 112 தாளுக்கு 2.2 மி.மீ. ஏறிவிடும். ஆகவே அட்டையை முடிக்கும் முன் "ஒரு தாளின் கனம் எத்தனை மைக்ரான்?" என்று கேட்டுவிடுங்கள். ஜிஎஸ்எம்மைச் சொன்னால் போதாது. ஒரே ஜிஎஸ்எம்மில் கனம் வேறுபடும் தாள்கள் உண்டு.

புத்தகம் 140 × 216 மி.மீ. அதனால் அட்டையை 291.8 × 216 மி.மீ. அளவில் ஒரே பக்கமாக வைத்து, நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் விடுங்கள். வழிகாட்டிக் கோடு 140-லும் 151.8-லும். பழைய 8 மி.மீ. அட்டையே போயிருந்தால் மொத்த அகலத்தில் 3.8 குறைந்து, பக்கத்துக்கு 1.9 மி.மீ. முன், பின் அட்டையின் நிறம் முதுகுக்குள் ஏறியிருக்கும். வெளி ஓரத்தில் 1.1 மி.மீ. ப்ளீட்தான் மிஞ்சும். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரிய அது போதும்.

3. படங்கள்

பதினொன்றில் எட்டு நன்றாக இருக்கின்றன. மீதி மூன்றும் 720 பிக்சல் அகலம்தான், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தவையாக இருக்க வேண்டும். 110 மி.மீ. அகலத்துக்கு 300 பிபிஐ வேண்டுமானால் ஏறத்தாழ 1300 பிக்சல் தேவை; இவை 166 பிபிஐயில் நிற்கின்றன. படம் எடுத்தவரிடம் மூலக் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் 60 மி.மீ. அகலத்தில் சிறிதாக வையுங்கள், சுத்தமாக வரும். ஃபோட்டோஷாப்பில் 300 என்று எண்ணை மட்டும் மாற்றுவதால் படத்தில் புதிதாக எதுவும் சேராது.

உள்பக்கம் ஒற்றை நிறம் என்பதால் பதினொரு படத்தையும் Image > Mode > Grayscale ஆக்கிவிடுங்கள். பிறகு இன்டிசைனில் Window > Output > Separations Preview திறந்து, View-ஐ Separations ஆக்கி, Black-ஐ மட்டும் அணையுங்கள். உள்பக்கத்தில் ஒன்றுமே தெரியக்கூடாது. ஏதாவது எழுத்து மிஞ்சி நின்றால் அது வேர்டிலிருந்து ஆர்ஜிபி கறுப்பாக வந்தது. அதற்கு ஸ்வாட்சில் [Black] கொடுங்கள்.

ஏற்றுமதி: உள்பக்கமும் அட்டையும் தனித்தனிக் கோப்பு. Adobe PDF (Print), முன்னமைப்பு PDF/X-4, Pages (Spreads வேண்டாம்), Crop Marks, Use Document Bleed Settings. அச்சகம் X-1a கேட்டிருந்தால் அதையே கொடுங்கள்.

நாளை, புதன் இரவுக்குள் இரண்டு பிடிஎஃப்பையும் எனக்கு அனுப்பினால் வியாழன் மதியத்துக்குள் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். தாமதம் என்னுடையது, அந்த நேரத்தை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். தாளின் கனம் அதற்குள் தெரியாவிட்டால் உள்பக்கத்தை மட்டுமாவது அனுப்புங்கள், அட்டை அதற்காகக் காத்திருக்கலாம்.

அன்புடன்,
செந்தில்