பொருள்: தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் (கான்கிரீட் ஆய்வகம்) பணிக்கான விண்ணப்பம் – மதிப்பெண் குறித்த விளக்கத்துடன்

மதிப்பிற்குரிய ஆய்வக மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆய்வகத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணிக்கு வெளியான அறிவிப்பைப் படித்து இந்த விண்ணப்பத்தை அனுப்புகிறேன். அறிவிப்பில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2021-இல் நான் முடித்த பி.இ. கட்டடப் பொறியியல் படிப்பில் என் ஒட்டுமொத்த கிரேடு சராசரி 6.31; அது இரண்டாம் வகுப்பு. இணைத்துள்ள மதிப்பெண் பட்டியலைத் திறந்ததும் தாங்கள் முதலில் காண்பது இந்த எண்தான் என்பதால், அதைப் பற்றி இங்கேயே தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

சராசரியைக் கீழே இழுத்தவை மூன்றாம், நான்காம் பருவங்கள். 2018 ஆகஸ்டில் ஆட்டோ ஓட்டுநரான என் தந்தைக்கு விபத்தில் கால் எலும்பு முறிந்தது. அவர் மீண்டும் வண்டி எடுக்கும்வரை வீட்டுச் செலவுக்காக, கல்லூரி முடிந்ததும் பெரம்பூரில் ஒரு மருந்துக்கடையில் இரவு வரை பில் போடும் வேலை பார்த்தேன். அந்த இரு பருவங்களில் இரண்டு பாடங்களில் அரியர் விழுந்தது. இரண்டையும் ஐந்தாம் பருவத்திலேயே எழுதித் தேறினேன். ஏழாம் பருவத்தில் என் சராசரி 7.6 ஆகவும் எட்டாம் பருவத்தில் 7.9 ஆகவும் உயர்ந்தது. பட்டியலைப் பருவவாரியாகப் பார்த்தால் இந்த ஏற்றம் தெரியும்.

நான்காம் பருவத்துக் கான்கிரீட் தொழில்நுட்பப் பாடத்தில் நான் பெற்றது 'பி' கிரேடு. தாங்கள் நிரப்ப விரும்பும் பணியின் அடிப்படையே அந்தப் பாடம்தான் என்பதால், அதற்குப் பின் அதே பாடத்தில் நான் செய்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2021 ஜூலையில் செங்குன்றம் அருகே ஒரு ஆர்எம்சி நிலையத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். தினமும் காலையில் முதல் லோடு கலப்பதற்கு முன் எம்-சாண்டின் ஈரத்தைக் கண்டறிந்து, கலவைக்குரிய தண்ணீரைத் திருத்தித் தருவது என் பொறுப்பாக இருந்தது. குவியலின் மேற்புறத்தில் ஓர் இடத்திலும் உட்புறத்தில் ஓர் இடத்திலும் மணல் எடுத்து, எடைபோட்டு, இரும்புச் சட்டியில் நிறம் மாறும்வரை வறுத்து, ஆறவிட்டு மறுபடி எடைபோடுவேன். ஒரு கனமீட்டருக்கு 700 கிலோ மணல், 380 கிலோ சிமென்ட், 160 லிட்டர் தண்ணீர் என்று வடிவமைத்த கலவையில், மழைக்கால மணலின் மேற்பரப்பு ஈரம் 4 சதவீதம் என்றால் 28 லிட்டர் தண்ணீர் கணக்கில் வராமலேயே உள்ளே போய்விடும். தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.42-இலிருந்து 0.49-ஐத் தாண்டிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஒரே நாளில் இருமுறை சோதனை செய்ய வேண்டும் என்று நானே கேட்டு அனுமதி வாங்கினேன். அந்த நவம்பரில் ஸ்லம்ப் அதிகமாகி சைட்டிலிருந்து திரும்பி வந்த வண்டிகள் வெகுவாகக் குறைந்ததை நிலையத்தின் லோடு பதிவேட்டில் காணலாம். அதன் நகலை நிலைய மேலாளரின் ஒப்புதலோடு இணைத்திருக்கிறேன்.

2023 முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். கடலோரச் சூழல் என்பதால் ஐஎஸ் 456:2000 விதிப்படி அங்கே குறைந்தது எம்30 கான்கிரீட் தேவை. தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. 2024 கோடையில் அங்கே 28 நாள் கியூப்களின் சராசரி வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் அளவிலேயே நின்றது. வடிவமைப்பின் இலக்கு 38.25. ஏழு நாள் முடிவுகளோ நன்றாகவே இருந்தன. கனமீட்டருக்கு 20 கிலோ சிமென்டைக் கூட்டலாம் என்று ஆலோசனை எழுந்தபோது, அதற்கு முன் கியூப்களை வைத்திருக்கும் விதத்தைச் சரிபார்க்க அவகாசம் கேட்டேன். வார்த்த அச்சுகள் முதல் 24 மணி நேரம் மொட்டை வெயிலில் கிடந்தன. கியூரிங் தொட்டியின் தண்ணீர் பிற்பகலில் 38 டிகிரி செல்சியஸ் காட்டியது. விதிப்படி அது 27 டிகிரியை ஒட்டி, இரண்டு டிகிரி கூடக் குறைய, இருக்க வேண்டும். தொடக்கத்தில் சூடு அதிகமானால் கான்கிரீட் சீக்கிரம் இறுகி ஏழாம் நாளில் நல்ல வலிமை காட்டும். ஆனால் 28-ஆம் நாளில் எட்ட வேண்டிய வலிமையை எட்டாது. எங்கள் முடிவுகள் அதே போக்கில்தான் இருந்தன. அச்சுகளை ஈரச்சாக்கு போர்த்தி அறைக்குள் மாற்றினோம். தொட்டிக்குக் கீற்றுப் பந்தல் போட்டுத் தண்ணீரின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறித்தோம். கலவையில் எதையும் மாற்றாமலே அடுத்தடுத்த வார்ப்புகளின் சராசரி 39-ஐத் தொட்டது. சிமென்டைக் கூட்டும் யோசனை கைவிடப்பட்டது. இரு காலத்துக்குமான கியூப் பதிவேட்டுப் பக்கங்களும் வெப்பநிலைக் குறிப்புகளும் இணைப்பில் உள்ளன.

ஒரு மாதிரியின் மூன்று கியூப்களில் ஏதேனும் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த முடிவை ஏற்க முடியாது என்பது விதி. சைட்டில் இப்படி வரும் முடிவைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. என் பதிவேட்டில் அத்தகைய முடிவுகள் அடிக்கோடிட்டு, காரணத்தோடு அப்படியே இருக்கின்றன. ஆய்வகப் பொறியாளருக்கு இதைவிட முக்கியமான தகுதி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் விண்ணப்பத்தை இந்த அளவுகோலால் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வேலையோடு படிப்பையும் தொடர்ந்தேன். கான்கிரீட் தொழில்நுட்பம் குறித்த என்பிடெல் படிப்பில் சேர்ந்து, மேற்பார்வையுடன் நடக்கும் நேரடித் தேர்வை எழுதி 2024-இல் 81 மதிப்பெண் பெற்றேன். முன்பு 'பி' கிரேடு வாங்கிய அதே பொருளில், முழுநேர வேலைக்கு நடுவே பெற்ற மதிப்பெண் இது. கலவை வடிவமைப்புக்கான ஐஎஸ் 10262:2019 விதித்தொகுப்பின்படி ஃபிளை ஆஷ் சேர்த்த கலவைகளை நானே கணக்கிட்டு, சோதனை வார்ப்பு செய்து பார்த்திருக்கிறேன்.

அழிவில்லாச் சோதனைகளில் ரீபவுண்டு ஹாமரை மட்டுமே தொடர்ந்து கையாண்டிருக்கிறேன். மீயொலிச் சோதனையைப் பிறர் செய்யும்போது உடனிருந்து பார்த்ததுண்டு, தனியாகச் செய்ததில்லை. தங்கள் ஆய்வகத்தில் அதற்குரிய பயிற்சி கிடைக்கும் என்பதும் நான் விண்ணப்பிக்க ஒரு காரணம்.

முதல் வகுப்பு என்பது கட்டாய நிபந்தனையாக இல்லாமல் முன்னுரிமையாக மட்டும் இருக்குமானால், நேர்காணலோடு ஒரு செய்முறைத் தேர்வும் வைத்து என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். ஈரச் சோதனை, ஸ்லம்ப், கியூப் வார்ப்பு, அழுத்தச் சோதனை, முடிவுகளைப் படித்துக் காரணம் சொல்வது என எதை வைத்தாலும் செய்து காட்டத் தயாராக இருக்கிறேன். ஆர்எம்சி நிலைய மேலாளரும் தற்போதைய திட்டப் பொறியாளரும் என் வேலையைப் பற்றித் தங்களிடம் பேச இசைந்துள்ளனர். அவர்களது தொடர்பு விவரங்கள் தன்விவரக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ளன.

சனிக்கிழமைகளில் எந்த நேரத்திலும், மற்ற நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகும் நேரில் வர இயலும். தேர்வானால் தற்போதைய பணியில் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுச் சேர முடியும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. கலைவாணி
வியாசர்பாடி, சென்னை

இணைப்புகள்: தன்விவரக் குறிப்பு, பருவவாரி மதிப்பெண் பட்டியல், என்பிடெல் சான்றிதழ், லோடு பதிவேட்டின் நகல், கியூப் பதிவேட்டுப் பக்கங்கள், வெப்பநிலைக் குறிப்புகள்