உள்மடிப்பு

யூடியூப்ல போடுற தையல் வீடியோவுல கத்தரி புடிக்கிற கை மட்டும் தான் தெரியணும், மூஞ்சி தெரியவே கூடாதுன்னு மகள்கிட்ட முதல்லயே கண்டிசனா சொல்லிட்டேன். அவ சிரிச்சா. அம்மா ஒங்க மூஞ்சிய பாக்க யாரும் வரமாட்டாங்க, பிளவுஸ் வெட்ட தான் வருவாங்கன்னு சொன்னா. அதுவும் சரி தான்.

2024 ஜனவரி. அவரு கொழும்புல ஒரு ஹாட்வெயார் கடையில வேல, மாசத்துக்கு ஒருக்கா வந்தா பெருசு. மாமி தேயில மலைக்கு கொழுந்து பறிக்க போயிருவாங்க, மகள் ஸ்கூலுக்கு, நான் வீட்டுல. "வீட்டுல சும்மா"ன்னு தான் யாரு கேட்டாலும் சொல்றது. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி தட்டி சம்பல் இடிச்சு மூணு பேருக்கு கட்டிக் குடுத்து தண்ணி புடிச்சு வெறகு ஒடச்சு, அப்புறம் பக்கத்து லயத்து அக்காமாருக்கு பிளவுஸ் தச்சு குடுக்குற அந்த சும்மா. ஒரு பிளவுஸ தச்சு குடுத்தா சம்பளத்தன்னைக்கு தர்றேன்னு வாங்கிட்டு போவாங்க, சம்பளம் வந்தா கடைக்காரன் கணக்கு முந்திக்கும்.

தையல் எனக்கு கட்டுநாயக்காவுல பழக்கம். கல்யாணத்துக்கு முந்தி கார்மென்ட்ஸ்ல மூணு வருசம் இருந்தேன், மூணு வருசமும் காலர் மட்டும் தான். ஒரு முழு சட்டைய நான் அங்க தச்சதே இல்ல, லைன்ல ஒக்காந்தா வர்ற காலர தச்சு அடுத்த ஆளுக்கு தள்ளணும். அங்கயும் லைன், இங்க வந்தா குடியிருக்கிற லயமும் லைன்னு அவருகிட்ட சொல்லி சிரிப்பேன். மத்ததெல்லாம் பழைய துணிய பிரிச்சு பிரிச்சு பாத்து நானா கத்துக்கிட்டது தான்.

முதல் வீடியோ லைனிங் பிளவுஸ். இஸ்தோப்புல பாய் விரிச்சு, ஸ்டூல் மேல ரெண்டு பால்மா டின் வச்சு, அதுக்கு மேல போன கவுத்து வச்சு மாவு பையில நூல் கட்டி நிறுத்தினோம். காம்பராவுக்குள்ள எடுக்க ஏலாது, ஒரே இருட்டு. வெளியில எடுத்தா இஸ்தோப்பு தகரத்துல மழ விழுற சத்தத்துல நான் பேசுறது எனக்கே கேக்காது. மழ நின்னா பக்கத்து காம்பராவுல டீவி, சுவரு இருக்குன்னு பேரு தான். அதனால எல்லாரும் மலைக்கு போன பொறகு, பத்து மணிக்கு மேல மழ இல்லாத நாள் பாத்து எடுக்கணும், எங்க பக்கம் ஜூன் ஜூலையில அப்பிடி நாள் எத்தன இருக்கும் சொல்லுங்க. வீடியோ ஏத்துறது நைட் டேட்டாவுல, பன்னண்டு மணிக்கு மேல கோயில் கல்லுக்கு போயி தான் சிக்னல் புடிக்கணும்னு மகள் சொன்னா, நடுச்சாமத்துல வயசுப்புள்ளய அங்க அனுப்புவேனா, போன கூரைக்கு கீழ ஒரு ஆணியில தொங்க விட்டுட்டு படுத்துருவேன், விடியும்போது பாதி ஏறியிருக்கும்.

43 பேர் பாத்தாங்க. அதுல மகளும் அவ கூட்டாளிங்களுமே ஒரு முப்பது இருக்கும்.

மாமி ஒரு வாரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஒரு நாள் ராவு, காலுல அட்ட கடிச்ச எடத்துல உப்பு வச்சுக்கிட்டே, "கையி மட்டும் தெரிஞ்சாலும் அது ஒங்கையின்னு ஊருக்கு தெரியும்"னாங்க. எனக்கு சோறு எறங்கல. அவரு போன்ல, விடு புள்ள, சும்மா தானே இருக்க, செஞ்சு பாருன்னாரு. அந்த சும்மா மறுபடி.

பத்தாவது வீடியோவோ என்னமோ, பிளவுஸோட ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டேன். தைக்கிறவங்களுக்கு தெரியும், மடிச்சு வைக்காம ஒவ்வொண்ணா வெட்டுனா இந்த கூத்து வரும். அழிச்சிரலாம்னு நெனச்சேன், துணி போனது போச்சு நாள் ஏன் போகணும்னு, எங்க தப்புனேன்னு காட்டி திருத்தி அப்பிடியே போட்டுட்டேன். அதுக்கு கீழ ஒருத்தர், இது எந்த ஊரு தமிழு, டீச்சர் மாதிரி ஒழுங்கா பேசுங்கன்னு எழுதியிருந்தாரு. அத நான் எத்தன தடவ வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. இந்தியாவுல பெரிய பெரிய லைட்டு போட்டு, கண்ணாடி மேச மேல அழகா வெட்டி காட்டுறாங்க, அவங்கள விட்டுட்டு மாவு பையி கட்டுன என் வீடியோவ எவ பாப்பான்னு ரெண்டு மாசம் ஒண்ணுமே போடல. மெஷினுக்கு துணி போட்டு மூடி வச்சுட்டேன். மகள் தான், நீங்க எனக்கு சொல்ற மாதிரி தானேம்மா பேசுறீங்க, அவருக்கு வேணும்னா டீச்சர்கிட்ட போகட்டும்னு சொன்னா. அவ சொன்னதுக்காக மட்டும் திரும்ப ஆரம்பிச்சேன்னு சொன்னா பொய்யி. தீவாளி நெருங்கிருச்சு, பிளவுஸ் குமிஞ்சு கெடந்துச்சு, எப்பிடியும் வெட்ட தானே போறேன், பக்கத்துல போன் இருந்துட்டு போகட்டும்னு தான்.

காசு வர ஆயிரம் பேர் சேரணும், அது போக ஒரு வருசத்துக்குள்ள நாலாயிரம் மணித்தியாலம் சனங்க பாத்திருக்கணும். மகள் கொப்பியில பெருக்கி, ரெண்டு லட்சத்தி நாப்பதாயிரம் நிமிசம்மான்னு சொன்னா. எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு.

2025 ஜனவரி கடைசியில ஸ்கூல் தொறந்துச்சு. கவர்மென்ட்டுல சும்மா குடுக்குற வெள்ள துணி வந்திருந்துச்சு, மகளுக்கு கவுன் வெட்டணும். புள்ள வளர்ற வயசு, ஒரு வருசத்துல கவுன் முட்டிக்கு மேல ஏறிரும், மறுபடி துணிக்கு எங்க போறது. அதனால எங்கம்மா செய்ற மாதிரி கீழ மூணு இஞ்சு உள்மடிப்பு விட்டேன், இடுப்புல ரெண்டு பக்கமும் ஒரு இஞ்சு உள்ளுக்கு விட்டேன், தோள்கிட்ட ஒரு மறைப்பு மடிப்பு. பிரிக்க லேசா இருக்க தையல பெருசா ஓட்டணும், பிரிச்ச பொறகு பழைய மடிப்பு கோடு மஞ்சளா தெரியும், அத எப்பிடி மறைக்கிறது, பழைய கவுன்ல பிரிச்சே காட்டினேன். 18 நிமிச வீடியோ. நடுவுல சேவல் கத்தும், வெட்ட நேரமில்ல, விட்டுட்டேன்.

அந்த வீடியோ ஓடுச்சு பாருங்க. பதுளையில இருந்து, மன்னார்ல இருந்து, மட்டக்களப்புல இருந்தெல்லாம் அம்மாமார். கனடாவுல ஒரு அக்கா, எங்கம்மா இப்பிடி தான் தச்சு தந்தாங்க, உங்க பேச்ச கேட்டு அழுதுட்டேன்னு எழுதியிருந்தாங்க. அந்த டீச்சர் கேட்டவருக்கு இத வாசிச்சு காட்டணும்னு ஆச. மார்ச்சுல ஆயிரமும் நாலாயிரமும் ரெண்டும் தாண்டிருச்சு, விளம்பரம் போட விட்டாங்க. முதல் நாள் காலையில பாத்தா 11 சதம். டாலர்ல தான், ஆனாலும் 11 சதம். பாத்துட்டு போன வச்சுட்டு ரொட்டி தட்ட போயிட்டேன்.

பத்து டாலர் சேந்தா கூகுள் ஒரு கடுதாசி அனுப்பும், அதுல ஆறு நம்பர் இருக்கும், அத நாலு மாசத்துக்குள்ள போடலன்னா விளம்பரம் நின்னுரும். இங்க தான் மாட்டுனேன். எங்களுக்கு ஏது அட்ரஸ்? மேல் டிவிசன், ஆறாம் லயம், நாலாம் காம்பரா, தோட்டத்து பேரு, டவுன் பேரு. தெரு இல்ல, வீட்டு நம்பர் இல்ல. கடுதாசி எல்லாம் ஆபீசுக்கு மொத்தமா வரும், டப்பால்காரர் கொண்டாந்து மடுவத்துல குடுப்பாரு, கொழுந்து நிறுக்க வர்ற யாராவது கைமாத்தி விடுவாங்க. ஒரு மாசம் போச்சு. ஒண்ணர மாசம். கொழும்பு கடை அட்ரஸ் போடுவோமான்னு அவரு கேட்டாரு, என்னமோ எனக்கு மனசு ஒப்பல. கடுதாசி வரலன்னு மாமிகிட்ட சொல்லவும் இல்ல, சொன்னா, பாத்தியான்னு கேப்பாங்கன்னு பயம்.

மகள் சொல்லிட்டா.

மறுநாள் மாமி அந்தி நிறுவைக்கு மடுவத்துல நின்னு, "எம்மருமக லெட்சுமிக்கு அமெரிக்காவுல இருந்து கடுதாசி வந்திருக்கு, எவ வச்சிருக்கீங்க"ன்னு சத்தமா கேட்டாங்களாம். தோட்டத்துல லெட்சுமி எங்க கணக்குக்கே மூணு பேர். கீழ் டிவிசன் லெட்சுமி அக்கா மெதுவா மாமிய தனியா கூப்ட்டு, அந்த கடுதாசி எங்கிட்ட தான் இருக்கு, இங்கிலீசுல இருக்கவும் லோன் கம்பனிக்காரன் அனுப்பினதுன்னு நெனச்சு பயந்து ஒடைக்காம அலுமாரியில துணிக்கு அடியில வச்சுட்டேன்னு சொல்லியிருக்கு. பாவம், அதுக்கு ரெண்டு எடத்துல வாரக்கடன் இருக்கு. ராவு நெஞ்சுல சொருகி கொண்டாந்து மாமி என் கையில குடுத்தாங்க. ஈரமில்ல, மடங்கல. "நீ காட்டுறது கையின்னு நெனச்சேன், அங்க ஊரே பாக்குதாமே, மடுவத்துல அஞ்சாறு பேரு கவுன் அத பாத்து தான் வெட்டினாளுங்களாம்"னு சொல்லிட்டு கால் கழுவ போயிட்டாங்க.

நூறு டாலர் சேர ஜூன் ஆயிருச்சு. ஜூலை 23ம் தேதி மெசேஜ் வந்துச்சு. பேங்க் கமிஷன் வெட்டினது போக 29,640 ரூவா. அட்டன்ல பேங்குக்கு மகளயும் கூட்டிட்டு போனேன், பாரத்துல தொழில்னு ஒரு எடம் இருந்துச்சு, நான் பேனாவ புடிச்சுக்கிட்டு நின்னேன், மகள் எட்டிப் பாத்து தையல்னு எழுதுங்கம்மான்னா. எழுதினேன். எழுத்து கோணலா வந்துருச்சு.

வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னுக்கு சல்லிய வச்சேன். மாமி எண்ணல. வெரல மடக்கி கணக்கு பாத்தாங்க. எங்க பக்கம் ஒரு நாள் சம்பளத்த ஒரு பேர்னு தான் சொல்றது, சொன்ன கிலோ எடுத்தா பேர் விழும், கொறஞ்சா அரப்பேர். அப்ப ஒரு பேருக்கு 1350.

"இருவத்திரெண்டு பேருக்கு அறுவது ரூவா கொறையுது"ன்னாங்க. கொஞ்ச நேரம் சல்லியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "அட்ட கடிக்காம இருவத்திரெண்டு பேரு." அப்புறம் ஏதோ யோசிச்ச மாதிரி திரும்பி,

"ஏன் புள்ள, இதுல ஈபிஎப் வெட்டுறானா?"ன்னு கேட்டாங்க.